மின்னல் பற்றி ரேடியோவில் பேசினேன், ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை

செங்காட்டு வாத்தியார்:
விவசாய நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் மின்னலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேகத்துக்குள்ளிருந்து ஆரம்பித்தேன். ஆலங்கட்டிக் குருணையும் பொடிப் பனித்துகளும் மோதி உரசும்போது, கனமான குருணை எதிர்மின்னோடு அடியில் தங்கிவிடும்; லேசான துகள் நேர்மின்னோடு மேலே போகும். அடியில் சேர்ந்தது சுமார் 50 மீட்டர் 50 மீட்டராகப் படி இறங்கி வரும். நெருங்கியதும் தரையில் உயரமாக நிற்பதிலிருந்து ஒரு பொறி மேலே எழும். இரண்டும் தொட்டுவிட்டால் விழுந்தது. "ஆகவே மரத்தடியில் நிற்காதீர்கள்" என்று முடித்தேன்.

வெளியே வந்தால், வேறொரு நிகழ்ச்சிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "சரிங்க சார், மரத்தடி வேணாம். மரத்தை விட்டா எங்காட்டுல நான்தான் ஒசரம். எங்க போறது?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அடுத்த பேச்சை அதை வைத்து எழுதுகிறேன்.

பால்காரர் மகள்:
ஐப்பசி, சாயங்காலம் நாலு மணி. மழை இன்னும் வரவில்லை, தூரத்தில் உறுமல் மட்டும். மாடு இரண்டும் வேம்பில் கட்டியிருந்தது, அப்பா பத்தடி தள்ளி வரப்பில். வெள்ளையாக ஒன்று, அவ்வளவுதான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு மாடும் செத்துக் கிடந்தன. ஒன்றின் வாயில் மென்று முடிக்காத புல். உடம்பில் ஒரு காயம் இல்லை. அப்பாவுக்குக் கால் மரத்துப்போய் அரை மணி நேரம் எழ முடியவில்லை, அப்புறம் நடந்தே வீட்டுக்கு வந்தார். மாட்டின் மேல் இடி விழுந்தது என்றார்கள். ஆனால் பட்டை உரிந்திருந்தது மரத்தில்தான். அந்தப் புல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கரிசல் குமாரு:
ரப்பர் செருப்புதான் அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறது. மாட்டுக்குச் செருப்பு ஏது? நானும் களையெடுக்கும்போது செருப்பைக் கழற்றுவதில்லை, போனையும் அணைத்துவிடுவேன். எங்கள் ஆத்தா "அர்ஜுனா அர்ஜுனா" என்று சொல்லும், அதையும் விடுவதில்லை.

ஓய்வு லைன்மேன்:
குமாரு, மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்தது அரை அங்குல ரப்பருக்கு நிற்குமா? போனும் மின்னலை இழுக்காது. அர்ஜுனனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் நடந்தது வேறு. மரத்தில் விழுந்தது வேர் வழியே மண்ணில் நாலாபக்கமும் பரவும். மரத்தடியில் மின்னழுத்தம் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருக்கும். அந்த வித்தியாசத்துக்கு மின்சாரம் ஒரு காலில் ஏறி, நெஞ்சைத் தாண்டி, மறு காலில் இறங்கும். ஆளுக்கு ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும், நெஞ்சுக்குப் போவது குறைவு. அதனால்தான் கால் மரத்தது. காலை அகட்டி ஓடுகிறவனுக்கும் வரப்பில் படுத்துக்கொள்பவனுக்கும் மாட்டின் கதிதான்.

என் கதை சின்னது: பக்கத்துக் காட்டில் ஒருவர் விழுந்தார், "ஷாக் அடிக்கும்" என்று யாரும் தொடவில்லை. விழுந்தவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சில்லை என்றால் 108-க்கு ஒருவர் அடிக்க, இன்னொருவர் உடனே நடுநெஞ்சை நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது தடவை அழுத்த வேண்டும். அன்றைக்கு எனக்கும் அது தெரியாது.

மாடிவீடு:
எங்கள் வீட்டில் டிவியும் இன்வெர்ட்டரும் போய்விட்டன. இதற்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்காரன்:
டிவியை விடுங்க. வாத்தியாரே, அந்தப் பெரியவருக்கு என் பதில்: எங்கே நிற்பது என்று கேட்கும்போதே நேரம் கடந்துவிட்டது. மின்னல் தெரிந்ததும் எண்ணுவேன். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் போய்விடுவேன். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் திரும்புவேன். புனே வானிலைக்காரர்களின் 'தாமினி' செயலி முன்கூட்டியே சொல்கிறது, ஆனால் எங்கள் மேட்டில் சிக்னல் கிடைப்பதில்லை. ஓலைக் கொட்டகை மழைக்குத்தான், மின்னலுக்கு இல்லை. நாலு பக்கமும் மூடிய வேன் தேவலாம். கூரையில்லாத டிராக்டர் ஆகாது.

ஓய்வு லைன்மேன்:
ஒப்புக்கொள்கிறேன். ஓடவே வழியில்லை என்றால் மரத்தை விட்டு விலகி, கால்களைச் சேர்த்துக் குந்த வேண்டும்.

கிடைக்காரன்:
குந்தினால் நேரடியாக விழுவது நிற்குமா? அந்த நேரத்தில் நான் நாலடி ஊர்ப்பக்கம் போயிருப்பேன்.

செங்காட்டு வாத்தியார்:
குந்துவது கால் வழியே ஏறுவதைக் குறைக்கும், நேரடியாக விழுவதைத் தடுக்காது. பேச்சில் அதைச் சேர்ப்பதா என்று யோசிக்கிறேன். "குந்திக்கொண்டால் போதும்" என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். எண்ணுவதை முதல் வரியில் வைக்கிறேன், பனித்துகளெல்லாம் கடைசியில் நேரம் இருந்தால்.

கரிசல் குமாரு:
வரப்பில் பனை வைத்தால் அது தாங்கிக்கொள்ளாதா? ஒடிசாவில் அரசே நடுகிறதாமே.

ஓய்வு லைன்மேன்:
பனையில் விழலாம். நீ அதன் அடியில் நின்றால் வேம்பின் கதைதான்.

பால்காரர் மகள்:
அப்பாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். புது மாட்டையும் அந்த வேம்பில்தான் கட்டுகிறார். வெயிலுக்கு வேறு நிழல் இல்லை.