என்ஜிசி 3198 சுழற்சி டேட்டா யார்கிட்டயாவது இருக்கா?

வணக்கம், பதினோராம் வகுப்பு பசங்களுக்கு வானியல் பாடம் எடுக்கப்போறேன், என்ஜிசி 3198 கேலக்ஸியோட சுழற்சி வேகத்தை அவங்களே கிராஃப் போட்டுப் பாக்கணும்னு ஆசை. நட்சத்திர வெளிச்சம் பெரும்பாலும் 10 கிலோபார்செக்குள்ளயே முடிஞ்சிடுது, அதுக்கு வெளிய ஹைட்ரஜன் வாயுவோட 21 செ.மீ. ரேடியோ அலைய வச்சு அளந்திருக்காங்க. நிறை எல்லாம் உள்ளயே இருந்தா 30 கிலோபார்செக்ல வேகம் 150லேர்ந்து சுமார் 87 கிமீ/வினாடிக்கு இறங்கணும், ஆனா அங்கயும் 150 பக்கமே நிக்குது! M = v²r/G போட்டா அந்த 30 கிலோபார்செக்குள்ள கிட்டத்தட்ட 15,700 கோடி சூரிய நிறை வருது, தெரியுற நட்சத்திரமும் வாயுவும் இதுக்குப் பத்தவே பத்தாது.

தூரம், வேகம், பிழை அளவு மூணும் இருக்குற டேபிள் யாராவது அனுப்புங்களேன். இன்னொண்ணு, "கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்ச நிறை வெறும் மங்கலான நட்சத்திரமா இருக்கக்கூடாதா சார்"னு நிச்சயமா கேப்பாங்க, அதுக்கு இந்த வயசுக்குப் புரியுற மாதிரி எப்படி பதில் சொல்றீங்க?