பத்திர ஜெராக்ஸ் செல்லாதாம், ஒரிஜினல் பேங்கில் இருக்கிறது. அவசர உதவி

மன்னை_குமார்
ஆபீஸில் பத்திர ஜெராக்ஸ் கொடுத்தேன். ஒரிஜினல் கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரிஜினல் பேங்கில் இருக்கிறது, கடனைக் கட்டாமல் தரமாட்டார்கள். என்ன செய்வது? அவசரம்.

குடவாசல்_செல்வி
எந்த ஆபீஸ்? எதற்காகக் கேட்டார்கள்? பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

வலங்கை_ராஜா
ஜெராக்ஸின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘உண்மை நகல்’ என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இப்போது எல்லா இடத்திலும் சுய சான்றொப்பம் போதும். வாங்க மறுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நீடா_முருகு
எனக்கும் இதே கதைதான். கொள்முதல் நிலையத்தில் அடங்கல் ஜெராக்ஸை வாங்கவே இல்லை. நெல் மூட்டையோடு இரண்டு நாள் காத்துக் கிடந்தேன்.

பத்திரம்_பெரியவர்
விவரம் சொல்லாமல் கேட்பவருக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. இதை இங்கே எத்தனை தடவை சொல்வது! முருகு, உங்கள் கதை வேறு. அடங்கல் என்பது இந்தப் போகத்தில் இந்த நிலத்தில் இன்ன பயிர் இருக்கிறது என்று வி.ஏ.ஓ. கையெழுத்திட்டுத் தருவது. அந்தத் தாளைக் கோப்பில் வைத்துக்கொள்வார்கள். அதனால் கையெழுத்து இருக்கும் தாளையே கொடுக்க வேண்டும், அடுத்த போகத்துக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பத்திரம் அப்படி இல்லை. அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒரிஜினலை அடமானத்துக்காகப் பிடித்து வைப்பது கடன் கொடுத்தவர் மட்டும்தான்.

மன்னை_குமார்
தாலுக்கா ஆபீஸ். பட்டா மாறுதல். அப்பா இறந்துவிட்டார்.

குடவாசல்_செல்வி
பட்டா அப்பா பெயரில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும்தானே முக்கியம்? பத்திரத்தை ஏன் கேட்கிறார்கள்? பட்டா இன்னும் நிலத்தை விற்றவர் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

மன்னை_குமார்
ஆமாம். அப்பா 1994இல் வாங்கினார், பட்டா மாற்றவே இல்லை.

பத்திரம்_பெரியவர்
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. நிலம் விற்றவரிடமிருந்து அப்பாவுக்கு வந்ததைக் காட்டுவது அந்தப் பத்திரம் ஒன்றுதான், அதனால் கேட்கிறார்கள். உங்கள் ஜெராக்ஸில் தாள்களின் பின்பக்கம் இருக்கிறதா?

மன்னை_குமார்
இல்லை. முன்பக்கம் மட்டும்தான் எடுத்தோம்.

பத்திரம்_பெரியவர்
பழைய பத்திரத்தில் சார்பதிவாளரின் பதிவுக் குறிப்பும் முத்திரையும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். அது இல்லாத ஜெராக்ஸைப் பார்ப்பவருக்குப் பத்திரம் பதிவானதா என்றே தெரியாது.

ஒரிஜினலுக்காகக் கடனை அடைக்க வேண்டியதில்லை. பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள். tnreginet.gov.in தளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், இந்த மூன்றும் வேண்டும். ஜெராக்ஸில் எண் தெரியாவிட்டால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அதில் இருக்கும். விற்பனைப் பத்திரம் 1ஆம் எண் புத்தகத்தில் பதிவாகியிருக்கும், அதன் நகலை யார் கேட்டாலும் தருவார்கள். அவர்கள் புத்தகத்திலிருந்தே எடுத்துச் சான்றிட்டுத் தருவதால்தான் அதற்கு மதிப்பு. ஒரிஜினலில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகும் என்று 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவே சொல்கிறது. கூடவே, அசல் எங்களிடம் அடமானத்தில் உள்ளது என்று பேங்கில் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வலங்கை_ராஜா
அப்படியென்றால் சுய சான்றொப்பம் எதற்கு? கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலையக் கூடாது என்றுதானே அதைக் கொண்டு வந்தார்கள்?

குடவாசல்_செல்வி
அலைச்சல் குறைந்தது உண்மைதான். ஆனால் நாம் போடும் கையெழுத்து, நகல் பொய்யாக இருந்தால் நான் பொறுப்பு என்று சொல்வது மட்டும்தான். அதை வைத்து விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்கள். ஒரிஜினலைக் காட்டு என்று ஒரு கட்டத்தில் கேட்கத்தான் செய்வார்கள். என் மகளின் கல்லூரிச் சேர்க்கையில் மதிப்பெண் சான்றை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள், டி.சி.யை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வலங்கை_ராஜா
என் மச்சானுக்குச் சுய கையெழுத்து நகலை வைத்தே பட்டா மாறியது. ஆபீஸுக்கு ஆபீஸ் வேறுபடுகிறது, அதையும் சொல்லுங்கள்.

பத்திரம்_பெரியவர்
அவர் வாங்கிய பத்திரம் கணினியில் ஏறியிருக்கலாம், அதைத் திரையிலேயே சரிபார்த்திருப்பார்கள். 1994 பத்திரத்துக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

நீடா_முருகு
சிட்டாவுக்கும் வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டுமா? நாளைக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறேன்.

குடவாசல்_செல்வி
இணையத்தில் எடுத்த சிட்டாவில் குறிப்பு எண் இருக்கும், அதை வைத்து அவர்களே சரிபார்க்கலாம். சில சங்கங்கள் அதற்கு மேலும் கையெழுத்து கேட்கின்றன. போவதற்கு முன் செயலாளரிடம் கேட்டுவிடுங்கள்.

மன்னை_குமார்
நகலுக்கு விண்ணப்பித்துவிட்டேன். பேங்கில் கடிதம் தரத் தயங்குகிறார்கள், திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன். நன்றி ஐயா, நன்றி அக்கா.