விற்ற நாளின் கிளைப் பெயர்: இந்த இணைப்புக்கு ஒரு சொல் வேண்டும்

அருள்மொழி:

அனைவருக்கும் வணக்கம்.

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

விற்பனைத் தரவு ஒவ்வொரு இரவும் புதிதாக வந்து சேர்கிறது. அதில் கிளை எண் மட்டும்தான் இருக்கும். கிளையின் பெயர், மாவட்டம், மேலாளர் எல்லாம் தனிப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் எப்போதாவதுதான் மாறும். இரண்டையும் சேர்க்கும்போது, பட்டியலின் இன்றைய வரி வேண்டாம். பொருள் விற்ற நாளில் எந்த வரி உண்மையோ அதுதான் வேண்டும். ஆங்கிலத்தில் இந்த வகைப் பட்டியலை ஸ்லோலி சேஞ்சிங் டைமென்ஷன் என்றும், இப்படிச் சேர்ப்பதை டெம்போரல் ஜாயின் என்றும் சொல்கிறார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பட்ட அனுபவம் இது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில் கிளையின் வரியில் திருநெல்வேலியை அழித்துவிட்டுத் தென்காசி என்று எழுதியது நான்தான். அடுத்த மாதம் 2018-19 அறிக்கையை மறுபடி எடுத்தால், தென்காசி மாவட்டமே இல்லாத ஆண்டில் தென்காசிக்கு விற்பனை நிற்கிறது. முன்பு அச்சிட்டுக் கொடுத்த திருநெல்வேலித் தொகை குறைந்திருக்கிறது. தணிக்கையாளருக்கு விளக்கம் சொல்லவே ஒரு வாரம் போயிற்று. புதியவர்கள் இதில் மாட்டக் கூடாது. அதற்கு மனதில் நிற்கிற ஒரு பெயர் வேண்டும்.

சுந்தரம்:

அருள்மொழி, “மெல்ல மாறும் பரிமாணம்” என்று வைத்துக்கொள்ளலாமே. மூலத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

உங்கள் சிக்கலுக்கு இவ்வளவு சுற்றத் தேவையில்லை. பட்டியலில் “முந்தைய மாவட்டம்” என்று ஒரு பத்தி கூடுதலாகச் சேருங்கள். பழைய அறிக்கைக்கு அந்தப் பத்தி, புதியதற்கு இந்தப் பத்தி. நாங்கள் பல வருடம் அப்படித்தான் ஓட்டினோம்.

இளங்கோ:

எக்செலில் எனக்கும் இதே தொல்லை இருந்தது. `VLOOKUP` கடைசியில் `FALSE` போடாமல் விட்டதால் வேறு கிளையின் பெயர் வந்துகொண்டிருந்தது. `FALSE` போட்டதும் சரியாகிவிட்டது. அதைப் பாருங்கள்.

நாச்சம்மை:

இளங்கோ, நீங்கள் சொல்வது தப்பான கிளையின் பெயர் வருவது. அருள்மொழிக்கு வருவது சரியான கிளைதான், காலம்தான் தப்பு. ஆனாலும் நீங்கள் தொட்டது நல்ல இடம். `TRUE` போட்டால், ஏறுவரிசையில் உள்ள தேதிகளில் கேட்ட தேதியைத் தாண்டாத கடைசித் தேதியை அது எடுக்கும். ஒரே ஒரு கிளைக்கான வரிகள் மட்டும் இருந்தால், அருள்மொழி கேட்பது கிட்டத்தட்ட அதுதான்.

சுந்தரம் ஐயா, கூடுதல் பத்தி ஒரு மாற்றத்தைத் தாங்கும். அதே கிளை இரண்டாவது முறை மாறினால் முதல் பெயரை எங்கே வைப்பது? தவிர, எந்த நாளில் மாறியது என்பது அந்தப் பத்தியில் இல்லை. நவம்பர் மாத அறிக்கையில் 21ஆம் தேதி வரை ஒரு பெயர், 22 முதல் இன்னொன்று என்று பிரிக்க அதனால் முடியாது. மாறும்போதெல்லாம் பழைய வரியை மூடிவிட்டுப் புது வரி திறப்பதுதான் வழி. தரவுக் கிடங்கு பற்றி நூல்கள் எழுதிய ரால்ஃப் கிம்பால் இரண்டாம் வகை என்று எண்ணிட்டது இதைத்தான்.

சங்கரன்கோவிலுக்கு இரண்டு வரி இருக்கும். திருநெல்வேலி வரிக்கு 2015-04-01 முதல் 2019-11-22 வரை. தென்காசி வரிக்கு 2019-11-22 முதல் 9999-12-31 வரை. சேர்ப்பது இப்படி:

```sql
SELECT v.naal, k.maavattam, v.thogai
FROM virpanai v
LEFT JOIN kilai k
  ON k.kilai_en = v.kilai_en
 AND v.naal >= k.mudhal
 AND v.naal <  k.varai
```

கடைசி வரியில் `<` மட்டும்தான், `<=` இல்லை. இங்கே `BETWEEN` எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அது இரண்டு எல்லையையும் உள்ளே எடுத்துக்கொள்ளும். அப்போது நவம்பர் 22 விற்பனை திருநெல்வேலி வரியோடும் ஒட்டும், தென்காசி வரியோடும் ஒட்டும். அன்று கிளையில் 41,300 ரூபாய் விற்றிருந்தால் மொத்தம் சரியாக 41,300 கூடுதலாக நிற்கும். ஒரே ஒரு நாள் என்பதால் மாத அறிக்கையில் கண்ணுக்குத் தெரியாது.

அதைத் தவிர்க்க வரை-யை 2019-11-21 என்று போட்டு `BETWEEN`-ஐ வைத்துக்கொள்வோரும் உண்டு. விற்பனையில் மணி நேரமும் பதிவாகியிருந்தால், 21ஆம் தேதி மாலை 6 மணி பில் எந்த வரியிலும் விழாது. ஏனென்றால் 2019-11-21 என்பது அன்று நள்ளிரவு 00:00 மணி. இரண்டு தவறையும் பிடிக்க ஒரே சோதனை போதும்: சேர்ப்பதற்கு முன் எத்தனை வரி, பின் எத்தனை வரி என்று எண்ணுங்கள். கூடியிருந்தால் காலங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. எண்ணிக்கை கூடாமல் மாவட்டம் காலியாக வந்தால் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது. `LEFT JOIN` போட்டிருப்பதே அந்தக் காலியைக் காட்டத்தான். வெறும் `JOIN` அந்தப் பில்லைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

இனி சொல். பரிமாணம் எனக்கு ஒட்டவில்லை, ஐயா. பரிமாணம் என்றதும் நீளம், அகலம், உயரம்தான் நினைவுக்கு வரும்; கிளைப் பட்டியல் வராது. அலுவலகத்தில் எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். அதை விடுவதானால் விவரப் பட்டியல் போதும். வரிக்கு வரி தேதி வைத்தால் காலவரி விவரப் பட்டியல்.

சேர்ப்பதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்நாள் ஆட்சியர், அந்நாள் ஆட்சியர் என்று சொல்வதுண்டு. ஒருவர் கையெழுத்திட்ட நாளில் யார் ஆட்சியர் என்பதுதான் அந்நாள். இன்றைய வரியோடு சேர்ப்பது இந்நாள் இணைப்பு. விற்ற நாளின் வரியோடு சேர்ப்பது அந்நாள் இணைப்பு. இரண்டும் ஜோடியாக நிற்பதால், எதைச் செய்கிறோம் என்று எழுதும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

சுந்தரம்:

ஜோடி நன்றாக இருக்கிறது, அம்மா. பரிமாணத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்நாள் என்றால் “அந்தக் காலத்தில்” என்ற வாசனையும் அடிக்கிறது. நேற்று விற்ற பொருளுக்கு அந்நாள் என்பது கொஞ்சம் உறுத்துகிறது. “நிகழ்நாள் இணைப்பு” எப்படி?

கபீர்:

நான் சோப்பு, ஷாம்பு, தலைக்கு எண்ணெய் மொத்த வியாபாரம் செய்கிறேன். கணக்கு மென்பொருளும் நானே பார்க்கிறேன். 2025 செப்டம்பர் 22 அன்று இவற்றுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருள் பட்டியலில் வரி விகிதத்துக்கு நாச்சம்மை அக்கா சொன்ன மாதிரியே இரண்டு வரி வைத்தேன்.

செப்டம்பர் 10 அன்று விற்ற ஷாம்பு அக்டோபர் 6 அன்று திரும்பி வந்தது. கிரெடிட் நோட்டுக்கு அக்டோபர் 6 தேதி. மென்பொருள் அந்தத் தேதியோடு பொருத்தி 5 சதவீதம் எடுத்துவிட்டது. கடைக்காரரிடம் வாங்கியது 18. 1,000 ரூபாய் சரக்குக்கு 180 ரூபாய் வரி வாங்கிவிட்டு 50 ரூபாய் திருப்பினால் அவர் சும்மா இருப்பாரா? எடுக்க வேண்டியது மூல பில்லின் தேதி. அதனால் திரும்பி வந்த சரக்கின் ஒவ்வொரு வரியிலும் மூல பில் தேதியைத் தனிப் பத்தியாகச் சேர்த்து, அதோடு பொருத்தினேன்.

நிகழ்நாள் என்றால் எங்கள் பையன் அக்டோபர் 6 என்றுதான் எடுப்பான். சரக்குத் திரும்பி வந்த நிகழ்வு அன்றுதானே? அந்நாள் என்றால் “எந்நாள்?” என்று ஒரு முறையாவது கேட்பான். அதனால் எனக்கு அந்நாள்தான்.

அருள்மொழி:

கபீர் பாய், உங்கள் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. குறிப்பில் அந்நாள் இணைப்பு, இந்நாள் இணைப்பு என்றே எழுதுகிறேன். எந்தத் தேதிப் பத்தியோடு பொருத்துகிறோம் என்பதைப் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன். விவரப் பட்டியலையும் எடுத்துக்கொள்கிறேன். காலவரி என்பதில் வரி என்றதும் ஜிஎஸ்டி ஞாபகம் வருகிறது, அதை இன்னும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. மாவட்டம் மாறியது நவம்பர் 22. பட்டியலில் அதை நான் ஏற்றியதோ டிசம்பர் 2. நடுவில் பத்து நாள் எடுத்த அறிக்கைகள் எல்லாம் திருநெல்வேலி என்று வெளியே போய்விட்டன. இப்போது மறுபடி ஓட்டினால் தென்காசி வருகிறது. அதுதான் உண்மை, ஆனால் அன்று கொடுத்த தாளோடு ஒத்துப்போகாது. அன்று நமக்குத் தெரிந்திருந்தபடியே அறிக்கை வேண்டும் என்றால், ஏற்றிய தேதியையும் தனியாக வைத்து அதோடும் பொருத்த வேண்டும். அதுவும் ஒரு அந்நாள்தான். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. “அறிந்தநாள்” என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. யாருக்காவது வேறு தோன்றுகிறதா?