புதுப்பிப்பு: அப்பா லைசென்ஸ் ரினியூவல்

முன்ன கேட்டது: "ஏற்காட்ல இருக்கோம், அப்பா லைசென்ஸ் முடிஞ்சு ஒரு வருஷம் தாண்டிருச்சு, டெஸ்ட் இல்லாம ஆன்லைன்லயே ஆகுமா?"

ஆகாது, டெஸ்ட் உண்டு. 40 வயசு தாண்டினா மெடிக்கல் மட்டும் போதும்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அது முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள போடுறவங்களுக்குத்தான், டெஸ்ட் உண்டுன்னு டிரைவிங் ஸ்கூல் அக்கா சொன்னதுதான் சரி. எல்எல்ஆர் எடுக்கணும்னு சொன்ன தம்பி, அது புது லைசென்ஸுக்குப்பா.

sarathi.parivahan.gov.in ல மெடிக்கலுக்கான படிவம் 1A எடுத்து டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கி போன்ல போட்டோ புடிச்சு ஏத்துனோம், திரும்பி வந்துருச்சு, பாத்தா சீல்ல டாக்டரோட ரிஜிஸ்டர் நம்பர் பாதி வெட்டுப்பட்டு மங்கலா கெடக்கு. சேலம் இறங்கி பிரவுசிங் சென்டர்ல ஸ்கேன் பண்ணி போட்டதும் ஏறிருச்சு. பணம் கட்டி டெஸ்டுக்கு ஸ்லாட்டும் எடுத்தாச்சு, காலைலயே, மலைல இருந்து இறங்கணுமே!

பைக், கார் ரெண்டையும் ஓட்டிக் காட்டணுமானு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ரெண்டையும் ஆர்சி, இன்சூரன்ஸோட கொண்டு போறோம்.