பழைய ரவுட்டர்: இப்போதே மாற்றணுமா?

வணக்கம். வேளச்சேரி வீட்டில் 2018-ல் வாங்கிய ரவுட்டர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. நேற்று 192.168.0.1-க்குள் போய் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்தேன். "புதிய பதிப்பு இல்லை" என்று வந்தது. முதலில் நிம்மதி. பிறகுதான் அதே பக்கத்தில் ஃபர்ம்வேர் தேதியைக் கவனித்தேன்: 2020. அப்டேட் வெளியிடுவதையே நிறுத்திவிட்டாலும் இதே பதில்தானே வரும்?

கவிழ்த்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் Ver: 2.0 என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் தளத்தில் அதே மாடலின் V4-க்குப் போன வருடம்கூட ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, V2-க்கு 2020-தான் கடைசி. V4 கோப்பை இதில் ஏற்ற மாட்டேன். உள்ளே சிப் வேறாக இருந்தால் ரவுட்டரே செத்துவிடும்.

ஆதரவு முடிந்தவற்றின் பட்டியலில் V2 இல்லை என்பதுதான் குழப்பம். இத்தனை வருட மௌனத்தையே முடிவாக எடுத்துக்கொள்ளலாமா? வாசல் கேமராவும் அப்பாவின் வங்கி வேலையும் இதன் வழியாகத்தான் போகின்றன. இப்போதைக்கு ரிமோட் மேனேஜ்மென்ட், WPS இரண்டையும் அணைத்திருக்கிறேன். பழைய ஃபர்ம்வேரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் இதனால் அடைபடாது என்று தெரியும், வெளியிலிருந்து வரும் வழியாவது குறையும்.

எந்த வருடம் வரை அப்டேட் தருவோம் என்று தேதி போட்டே விற்கும் ரவுட்டர் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? ரிச்சி ஸ்ட்ரீட் போவதற்குள் சொன்னால் பெரிய உதவி.