ஆண்டுக் கொள்முதலைச் சொல்லிப் படிப்படியாக விலை குறைக்கக் கேட்பது எப்படி? (ஒரு லிட்டர் பெட் பாட்டில்)

காங்கயம்_செக்கு:
வணக்கம். செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். பாட்டில் எல்லாம் கோவையில் ஒரே சப்ளையரிடம்தான். ஒரு தடவைக்குப் பத்தாயிரம் எடுப்போம், ஒன்று 8.40 ரூபாய். போன நிதியாண்டில் மொத்தம் 1,10,000 எடுத்தோம். புதிதாகச் சில கடைகள் பிடித்திருப்பதால் இந்த ஆண்டு 1,50,000 ஆகும் போலிருக்கிறது. விலை குறைக்கச் சொன்னால், "பத்தாயிரத்துக்கு இதுதான் ரேட்" என்கிறார். ஆண்டு அளவை எப்படி எழுதிக் கேட்பது? அவ்வளவு எடுக்க முடியாமல் போனால் சிக்கலாகுமா?

மொத்தவிலை_மணி:
மூன்று லட்சம் எடுப்போம் என்று அடித்து விடுங்கள். முதல் ஆர்டருக்கே குறைப்பார். கையோடு முன்பணமும் கொடுத்தால் இன்னும் இறங்கும்.

ப்ளோமோல்டிங்_பழனி:
முன்பணம் பற்றி மணி சொல்வது சரி. மூன்று லட்சம் வேண்டாம். நான் பாட்டில் கம்பெனியில் சேல்ஸ் பார்த்தவன். இப்படிச் சொல்லும் எல்லோரையும் முதல் மூன்று மாத எடுப்பை வைத்தே எடை போட்டுவிடுவோம். அளவு வரவில்லை என்றால் பழைய ரேட்டுக்கே பில் போடுவோம், அடுத்த ஆண்டு அவர் சொல்லும் எந்த எண்ணையும் நம்ப மாட்டோம்.

எண்ணை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். "போன ஆண்டு எடுத்தது 1,10,000. அதில் ஒரு லட்சம் இந்த ஆண்டும் உறுதி. எதிர்பார்ப்பு 1,50,000." போன ஆண்டு பில்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம், எந்த மாதம் எவ்வளவு என்று ஒரு அட்டவணை. சப்ளையருக்கு உண்மையில் காசு மிச்சமாவது அதில்தான். காலி பாட்டில் ஏற்றும் லாரியில் பாதி காற்றுதான் போகிறது. வண்டி நிறைய எடுத்தால் பாட்டிலுக்கு வாடகை குறையும். அச்சை மாட்டினால் ஒரே ஓட்டத்தில் இருபதாயிரம் அடித்துவிடலாம் என்று தெரிந்தால், ரேட்டில் கை வைக்க அவருக்கும் இடம் கிடைக்கும்.

காங்கயம்_செக்கு:
அண்ணே, ஒரு லட்சம் வரை 8.40, அதைத் தாண்டினால் 8.00, ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் 7.70 என்று கேட்கலாமா?

ப்ளோமோல்டிங்_பழனி:
கேட்கலாம். ஆனால் 8.00 எந்தப் பாட்டில்களுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு லட்சத்துக்கு மேல் உள்ளதற்கு மட்டும் என்றால், 1,50,000-க்கு 8,40,000 + 4,00,000 = 12,40,000. முதல் பாட்டிலிலிருந்தே என்றால் 12,00,000. நாற்பதாயிரம் வித்தியாசம். முதலில் இரண்டாவதைக் கேளுங்கள். கடைசியில் முதலாவதில் நின்றாலும் நஷ்டமில்லை.

இரண்டாவது முறை கிடைத்தால் ஆண்டுக் கடைசியில் கவனமாக இருங்கள். 98,000-இல் நின்றால் மொத்தம் 8,23,200. இன்னும் மூவாயிரம் எடுத்து 1,01,000 ஆக்கினால் 8,08,000தான். கூட எடுத்தும் செலவு குறைகிறது. வைக்க இடமிருந்தால் மார்ச்சிலேயே எடுத்துவிடலாம்.

அட்டைப்பெட்டி_அம்மு:
நான் அட்டைப்பெட்டி வாங்குகிறேன், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சப்ளையரும் படி விலைக்குச் சம்மதித்தார். "ஆண்டு" என்பது எங்களுக்கு ஏப்ரல் முதல் மார்ச், அவருக்கு முதல் ஆர்டர் தேதியிலிருந்து. மார்ச்சில் கணக்குப் போட்டால் இன்னும் முடியவில்லை என்றார். கிரெடிட் நோட் வர மாதக்கணக்கில் இழுத்தது. தொடக்கத் தேதியும், படியைத் தாண்டி எத்தனை நாளில் கிரெடிட் நோட் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அதற்கு ஜிஎஸ்டியில் என்ன செய்வது என்று ஆடிட்டரிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

ப்ளோமோல்டிங்_பழனி:
அம்மு சொல்வது முக்கியம். இன்னொன்று, ரேட்டைக் குறைக்கும் சிலர் பாட்டிலின் எடையையும் சத்தமில்லாமல் குறைப்பார்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கும்போது வயிற்றுப் பக்கம் அமுங்கினால் சந்தேகப்படுங்கள். இப்போது வரும் பாட்டில் பத்தை எடுத்து எடை போட்டு, சராசரி கிராமை பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள். ஒவ்வொரு லோடிலும் பத்து எடுத்துத் தராசில் வையுங்கள்.

காங்கயம்_செக்கு:
இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"ஐயா, சென்ற நிதியாண்டில் உங்களிடம் 1,10,000 பாட்டில் எடுத்தோம் (பில் பட்டியல் இணைப்பில்). இந்த ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை ஒரு லட்சம் உறுதியாக எடுப்போம், எதிர்பார்ப்பு 1,50,000. மாதவாரி அட்டவணை வைத்துள்ளோம். லோடு ஒன்றுக்கு இருபதாயிரம் எடுக்கத் தயார். ஒரு லட்சத்தைத் தாண்டினால் 8.00, ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் 7.70 என, முதல் பாட்டிலிலிருந்தே கணக்கிட வேண்டுகிறோம். வித்தியாசத்தை, படியைத் தாண்டிய முப்பது நாளில் கிரெடிட் நோட்டாகத் தரவும். பாட்டில் எடை இப்போதுள்ளபடியே இருக்க வேண்டும்."

ப்ளோமோல்டிங்_பழனி:
நன்றாக இருக்கிறது. ரெசின் விலை ஏறினால் என்ன என்று அவர் கண்டிப்பாகக் கேட்பார். 8.00 என்று எழுதாமல், "அன்றைய ரேட்டில் நாற்பது பைசா குறைவு" என்று எழுதினால் ஒத்துக்கொள்வது எளிது.

மொத்தவிலை_மணி:
அப்படி எழுதினால் அன்றைய ரேட்டையே அவர் ஏற்றிச் சொல்லிவிட்டால்?

ப்ளோமோல்டிங்_பழனி:
அந்த ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. ரெசின் கம்பெனியின் விலைக் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம், எல்லோரும் காட்ட மாட்டார்கள். இன்னொரு சப்ளையரிடமும் அவ்வப்போது கொட்டேஷன் வாங்கி வையுங்கள்.