கேக்கில் எழுத அல்ல, கேப்ஷன்

குழு: மஞ்சக்குப்பம் வீடு
27 டிசம்பர் 2025, சனிக்கிழமை

யாழினி (இரவு 8:41): எல்லோரும் ஒரு நிமிடம். நாளை எனக்கு 21. இன்ஸ்டாவில் படத்துக்குக் கீழே போட ஒரு கேப்ஷன் எழுதினேன். படித்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்.

யாழினி (8:42): "அகவை 21-ல் அடியெடுத்து வைக்கிறேன். கனவுகளைச் சுமந்த சிறுமி இன்று பொறுப்புகளைச் சுமக்கும் பெண்ணாகிறாள். வாழ்க்கை என்னும் புத்தகத்தில் புதிய அத்தியாயம் தொடங்குகிறது."

சித்தப்பா புதுச்சேரி (8:44): அருமை மகளே!! இதையே பேனரில் போட்டுவிடலாம். முத்தியால்பேட்டையில் நமக்குத் தெரிந்த பையன் இருக்கிறான். எட்டுக்கு ஆறு போதுமா?

அம்மா (8:45): பேனர் எல்லாம் வேண்டாம்.

எதிர்வீட்டு அத்தை (8:47): கண்ணு, அரைக் கிலோ கேக்கில் இவ்வளவு எழுத்து பிடிக்காது. பேரும் 21-ம் போடச் சொல்லு. முட்டை போடாததுதானே?

யாழினி (8:47): அத்தை, இது கேக்குக்கு இல்லை 😅

செழியன் அண்ணா (8:52): படித்தேன். கோபித்துக்கொள்ளாதே. "அகவை", "அடியெடுத்து" இரண்டும் தெருமுனை பேனர் வார்த்தைகள். சித்தப்பாவுக்குப் பேனர் ஞாபகம் வந்தது சும்மா இல்லை.

செழியன் அண்ணா (8:53): அடுத்தது, கணக்கே தப்பு. நாளையோடு உனக்கு 21 முடிகிறது. அடியெடுத்து வைப்பது 22-ல்.

யாழினி (8:54): என்னது! அப்போது எனக்கு 22-ஆ?

அம்மா (8:58): ஆயா வாய்ஸ் நோட் அனுப்பச் சொன்னார், எனக்கு அனுப்பத் தெரியவில்லை, சொன்னதை எழுதுகிறேன். "21 முடிஞ்சு 22 நடக்குதுன்னு சொல்லணும். நாங்கல்லாம் அப்படித்தான் சொல்லுவோம். அப்புறம் நட்சத்திரப் பிறந்தநாள் வேற தேதி, அன்னிக்கும் பாயசம் உண்டு."

செழியன் அண்ணா (8:59): ஆயா சரி. யாராவது கேட்டால் 21 என்றே சொல்லலாம், முடிந்த வயதைத்தான் சொல்கிறோம். "21-ல் அடியெடுத்து" என்றால் மட்டும் ஒரு வருடம் பின்னால் போய்விடுகிறது. போன வருடம் போட்டிருக்க வேண்டிய கேப்ஷன் அது.

சித்தப்பா புதுச்சேரி (9:03): எப்படியோ, 21 என்றால் பெரிய விஷயம்தான். 21 ஆனால்தானே ஓட்டு. அதைச் சேர்த்து எழுதம்மா, "இனி என் கையில் ஓட்டு" என்று.

அப்பா (9:06): தம்பி, அது பழைய கதை. 1989-லேயே 18 ஆக்கிவிட்டார்கள். இவள் போன வருடம் லோக்சபாவுக்கே போட்டுவிட்டாள், விரல் மையைப் படமெடுத்து இதே குரூப்பில் அனுப்பினாளே.

சித்தப்பா புதுச்சேரி (9:08): அட ஆமாம். ஆனால் 21-க்கு ஏதோ இருக்கிறது. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பெரியவர் சொல்வார், பிரெஞ்சுச் சட்டப்படி 21 ஆனால்தான் மேஜர் என்று.

அப்பா (9:11): அங்கேயும் 1974-ல் 18 ஆக்கிவிட்டார்கள். இங்கே 21-க்கு எனக்குத் தெரிந்து மிச்சமிருப்பது இரண்டு. பையன்களுக்குக் கல்யாண வயது. அப்புறம் பஞ்சாயத்து, நகராட்சித் தேர்தலில் நிற்கலாம்.

பெரியம்மா நெய்வேலி (9:13): எனக்கு 21 ஆகும்போது மூத்தவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். கேப்ஷன் யார் கேட்டது. அடுப்பு ஊதவே நேரம் சரியாக இருந்தது.

யாழினி (9:14): அப்போது தேர்தலில் நிற்பதைத் தவிர, சட்டப்படி எனக்கு நாளை ஒன்றுமே ஆகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பே ஆகிவிட்டது 😐

செழியன் அண்ணா (9:15): அதனால்தான் "இன்று பெண்ணாகிறாள்" ஒட்டவில்லை. உன் பெயரை எடுத்துவிட்டு உன் தோழி பெயரைப் போட்டாலும் அந்த மூன்று வரியும் அப்படியே பொருந்தும் பார். இந்த மாதத்தில் நீ மட்டும் செய்தது என்ன? அதைச் சொல்.

யாழினி (9:21): சரி, இது எப்படி? "21 ஆச்சு. இன்னும் பால் பாக்கெட் ஒழுங்காக வெட்டத் தெரியாது. நான் எல்லாம் பெரியவளாம் 🤡"

அம்மா (9:22): பால் பாக்கெட் நன்றாகத்தான் வெட்டுகிறாய்.

செழியன் அண்ணா (9:24): அம்மாவே சாட்சி. பெருமை பேசுவதற்குப் பயந்து இல்லாத அசட்டுத்தனத்தை எடுத்துப் போட்டுக்கொள்கிறாய். அதுவும் ஒரு வேஷம்தான். "ஐயோ, நீ எவ்வளவு திறமைசாலி" என்று நாலு பேர் கீழே எழுத வேண்டும் என்று கேட்பதுபோல் இருக்கும்.

சித்தப்பா புதுச்சேரி (9:27): நான் ஒன்று சொல்லவா. இவள் பிறந்தது சுனாமி வந்த மூன்றாம் நாள். 2004 டிசம்பர் 28. "சுனாமியையே பார்த்துப் பிறந்தவள்" என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்! உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

யாழினி (9:28): அண்ணா, இது எனக்கு மட்டும் நடந்ததுதானே?

அப்பா (9:33): வேண்டாம்மா. நேற்றுதான் தேவனாம்பட்டினத்தில் கடலில் பால் ஊற்றி அழுதுவிட்டு வந்தார்கள். நீ ஆஸ்பத்திரியில் பத்திரமாகப் பிறந்தாய். உன் அம்மா வலியில் இருந்தபோது வராந்தா முழுக்கப் பிள்ளைகளைத் தேடி வந்தவர்கள். அந்தச் சனங்களின் பிள்ளைகள் உன்னோடு படித்திருக்கிறார்கள், அவர்களும் இதைப் படிப்பார்கள்.

சித்தப்பா புதுச்சேரி (9:35): சரிதான் அண்ணா. யோசிக்கவில்லை.

எதிர்வீட்டு அத்தை (9:41): கண்ணு, ஆயாவுக்குக் கண் எப்படி இருக்கு? கறுப்புக் கண்ணாடி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்களே.

யாழினி (9:43): நன்றாக இருக்கிறார் அத்தை. சொட்டு மருந்து போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவை. இரண்டு மருந்து, நடுவில் அஞ்சு நிமிடம் இடைவெளி விடணும். என் போனில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த வாரத்திலிருந்து தடவை குறையும்.

செழியன் அண்ணா (9:44): இரு. ஆயாவை யார் கூட்டிப் போனது?

யாழினி (9:47): நான்தான். அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்ட், அம்மாவுக்குக் கால் வலி. பாண்டி பஸ்ஸில் போய்க் காலையில் சேர்த்தோம், சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். உள்ளே கூட்டிப் போகும்முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளியின் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம். எப்போதும் அங்கே அப்பா பெயர்தான் இருக்கும். பள்ளிக்கூடம், பேங்க், எல்லாவற்றிலும். "அப்பா வரட்டுமா" என்று கேட்டேன். அந்த நர்ஸ் அக்கா ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கு 18 ஆகலையா?" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

யாழினி (9:48): அப்புறம் ஆயா செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே செருப்பு விடமாட்டார்கள்.

செழியன் அண்ணா (9:49): இதுதான் உன் கேப்ஷன். இதில் எந்தத் தோழி பெயரையும் போட முடியாது.

அப்பா (9:50): படிவ விஷயத்தை நீ எங்களிடம் சொல்லவே இல்லையே.

யாழினி (9:50): சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன் அப்பா.

யாழினி (10:04): "பொறுப்பாளர் என்ற கட்டத்தில் முதல்முறையாக என் பெயரை எழுதினேன். ஆயாவுக்குக் கண் ஆபரேஷன். எப்போதும் அங்கே அப்பா பெயர் இருக்கும். பேனா மட்டும் இன்னும் அப்பாவுடையது. 21." படம்: பீச்சில் 21 பலூனோடு எடுத்தது.

பெரியம்மா நெய்வேலி (10:05): கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது 😭

செழியன் அண்ணா (10:07): பேனா அப்பாவுடையதா?

யாழினி (10:08): ...இல்லை. நான் பேனா எடுத்துப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கடன் வாங்கினேன்.

செழியன் அண்ணா (10:09): அப்போது அதையே எழுது. அப்பா பேனா என்றால் கண்ணீர் வரும், ஆனால் பொய். பெரிய கையெழுத்துப் போடப் போனவள் பேனா இல்லாமல் போயிருக்கிறாய். பால் பாக்கெட்டில் நீ தேடியது இதுதான், இங்கே நிஜமாகவே நடந்திருக்கிறது.

செழியன் அண்ணா (10:10): பலூன் படமும் வேண்டாம். செருப்போடு உட்கார்ந்த படம் இல்லையா?

யாழினி (10:11): எனக்கு யார் எடுப்பார்கள்? ஆயா உள்ளே இருந்தார். செருப்பை மட்டும் எடுத்தேன், அம்மாவுக்கு அனுப்ப. இடது வார் பிய்கிற மாதிரி இருந்தது, அதைக் காட்ட.

செழியன் அண்ணா (10:11): அதைப் போடு.

அம்மா (10:16): ஆயா கோபமாக இருக்கிறார். "ஆபரேஷன் கதையை ஊருக்கெல்லாம் சொல்லாதே, கண்ணுக்கே கண் பட்டுடும்" என்கிறார். செருப்பையும் போடக் கூடாதாம், பிய்ந்த செருப்பு வீட்டுக்கு அவமானமாம்.

பெரியம்மா நெய்வேலி (10:18): ஆயா சொல்வது சரி. கண் சமாச்சாரம் வெளியே தெரிய வேண்டாம்.

செழியன் அண்ணா (10:19): அவர் உடம்பு, அவர் சொல்வதுதான். ஆபரேஷனை எடுத்துவிடு. கேப்ஷன் உடையாது. கட்டமும் பேனாவும் போதும்.

சித்தப்பா புதுச்சேரி (10:22): கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொல்லு. சித்தப்பா, சித்தி, பெரியம்மா...

அம்மா (10:23): ஒரு பேர் விட்டுப்போனால் பொங்கல் வரைக்கும் பேச்சு இருக்காது. வேண்டாம்.

செழியன் அண்ணா (10:25): 😂 சரி. இன்னொன்று மட்டும். முதல் ஒன்றிரண்டு வரிதான் வெளியே தெரியும், மீதி more-க்குள் போய்விடும். 21-ஐ முதலிலேயே சொல்லிவிட்டு உடனே கட்டத்துக்கு வா. பேனா உள்ளே இருக்கட்டும், திறந்து பார்க்கிறவருக்கு அது.

யாழினி (11:38): இது கடைசி. இதற்கு மேல் யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

"21 முடிந்தது. போன வாரம் ஒரு படிவத்தில் 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.
எப்போதும் அங்கே அப்பா பெயர்தான் இருக்கும்.
பேனா எடுத்துப் போகவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் கடன் வாங்கினேன்.
திருப்பிக் கொடுத்தேனா என்று ஞாபகம் இல்லை."

செழியன் அண்ணா (11:40): கடைசி வரி நிஜமா?

யாழினி (11:41): இப்போதுதான் பையைத் திறந்து பார்த்தேன். நீல மூடி. என்னுடையது இல்லை 🙈

சித்தப்பா புதுச்சேரி (11:44): பேனாத் திருடி என்று பேனர் அடிக்கட்டுமா?

அப்பா (11:46): திங்கட்கிழமை செக்கப்புக்கு அங்கேதானே போகிறாய், கவுண்டரில் கொடுத்துவிடு.

யாழினி (11:47): படம் மட்டும் முடிவாகவில்லை. ஆயா தூங்கிவிட்டார். காலையில் செருப்புக்குக் கேட்டுப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் பேனாவைப் படமெடுத்துப் போட்டுவிடுவேன்.

பெரியம்மா நெய்வேலி (28 டிசம்பர், 12:00): பிறந்தநாள் வாழ்த்துகள் தங்கமே 🎂🎂🎂

எதிர்வீட்டு அத்தை (12:01): நூறு வயசு நல்லா இரு கண்ணு. கேக்கில் என்ன எழுதச் சொன்னே கடைசியா?

அம்மா (12:02): வாழ்த்துகள்டி. போனை வைத்துவிட்டுத் தூங்கு. ஆறு மணிக்குச் சொட்டு மருந்து.

யாழினி (12:03): அலாரம் வைத்தாச்சு.